வாத்தியாருக்குப் போகும் கடிதத்தை யாரெல்லாம் படிப்பார்கள்?

கிராமத்துப் பள்ளி ஆசிரியருக்கும் நகரத்துக்குப் படிக்கப் போன அவருடைய பழைய மாணவனுக்கும் நடக்கும் கடிதப் போக்குவரத்தாகவே ஒரு சிறுகதையை எழுதுவது பலருக்கும் பிடித்த யோசனை. எழுதத் தொடங்குவதும் எளிது. ‘அன்புள்ள சாருக்கு’ என்று ஒரு வரி போட்டால் கதை நகர ஆரம்பித்துவிடும். ஆனால் இப்படி எழுதப்படும் கதைகளில் பெரும்பாலானவை மூன்றாவது கடிதத்துக்குள் தளர்ந்துவிடுகின்றன. மாணவன் நகரத்தை வர்ணிக்கிறான், ஆசிரியர் அறிவுரை சொல்கிறார். மாணவன் கலங்குகிறான், ஆசிரியர் தேற்றுகிறார். இருவரும் மனதில் உள்ள அத்தனையையும் காகிதத்தில் கொட்டிவிடுவதால் படிப்பவருக்கு வேலையே இல்லை. இந்த வகைக் கதையை நிற்க வைப்பது அந்த இருவரின் பாசம் அல்ல என்பது என் கட்சி. கடிதத்தை அவர்களைத் தவிர வேறு யார் படிக்கிறார்கள், அதனால் எதை எழுத முடியாமல் போகிறது என்பதில்தான் கதை இருக்கிறது.

இந்தக் கருவுக்கு உலக இலக்கியத்தில் எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த உதாரணம் கிர்கிஸ் எழுத்தாளர் சிங்கிஸ் ஐத்மாத்தவின் ‘முதல் ஆசிரியர்’. 1962இல் வெளிவந்த குறுநாவல், தமிழிலும் பலர் படித்தது. தானே தட்டுத்தடுமாறிப் படிக்கத் தெரிந்த தூய்ஷேன் என்ற இளைஞன், 1920களில் ஒரு மலைக் கிராமத்துக்கு வந்து பள்ளி தொடங்குகிறான். அங்கே படித்த அனாதைப் பெண் அல்தினாயைக் கட்டாயக் கல்யாணத்திலிருந்து மீட்டு நகரத்துக்குப் படிக்க அனுப்புகிறான். அவள் பிற்காலத்தில் பெரிய கல்வியாளராகிறாள். கதையின் பெரும்பகுதி அவள் எழுதும் ஒரு கடிதம். அந்தக் கடிதம் தூய்ஷேனுக்கு எழுதப்பட்டதல்ல, அதே ஊரைச் சேர்ந்த ஓர் ஓவியனுக்கு எழுதப்பட்டது. அதற்குள் ஆசிரியருக்கும் மாணவிக்கும் நிஜமாக நடந்த கடிதத் தொடர்பு சில வரிகளில் முடிந்துவிடுகிறது. நகரத்தில் படிக்கும்போது அவள் தூய்ஷேனுக்கு எழுதுகிறாள், ஒரு கட்டத்தில் அவனை நேசிப்பதாகவும் காத்திருப்பதாகவும் எழுதுகிறாள், பதில் வரவில்லை, கடிதப் போக்குவரத்து அதோடு நின்றுவிடுகிறது. தன் படிப்புக்குத் தடையாக இருக்க வேண்டாமென்று அவன் விலகியிருக்கலாம் என்று அவள் ஊகிக்கிறாள். வேறு காரணம் இருந்திருக்குமோ என்ற சந்தேகமும் அவளை விடவில்லை.

ஓவியனுக்கு ஏன் எழுத வைத்தார் ஐத்மாத்தவ்? இது வெறும் கதை உத்தி இல்லை, கடிதத்தின் இயல்பைப் புரிந்துகொண்டவரின் தீர்மானம். தூய்ஷேனுக்கே அல்தினாய் எழுதியிருந்தால், தன்னை ஓடையில் தூக்கிக்கொண்டு கடந்ததையும் பள்ளிக்காகக் குதிரை லாயத்தைச் செப்பனிட்டதையும் அவனுக்கே திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும். அவனுக்குத்தான் அது தெரியுமே! ‘நீங்கள் எங்கள் ஊருக்கு வந்தபோது நீங்களே ஓர் இளைஞர்தான்’ என்று எந்த மாணவியும் தன் ஆசிரியருக்குக் கடிதம் எழுத மாட்டாள். ஓவியன் வயதில் இளையவன். அவனுக்குத் தூய்ஷேனைக் கிராமத்துத் தபால்காரக் கிழவராக மட்டும்தான் தெரியும். ஆகவே அவனிடம் முழுக் கதையையும் சொல்லலாம், அது இயல்பாகவே இருக்கும். இரண்டு பேர் மாறி மாறி எழுதும் கதையில் இந்த வசதி கிடையாது. இருவருக்கும் பழைய கதை தெரியும். எனவே எழுதி முடித்ததும் ஒரு சோதனை செய்து பார்க்கலாம்: கடிதத்தைப் பெறுபவருக்கு ஏற்கெனவே தெரிந்த செய்தியைச் சொல்லும் எல்லா வரிகளையும் அடித்துவிட வேண்டும். மீதி இருப்பது கதையாக நின்றால் பிழைத்தது. பெரும்பாலான கதைகளில் மீதி இருப்பது ‘நலம், நலமறிய ஆவல்’ மட்டும்தான்.

செகாவின் ‘வான்கா’வையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். 1886இல் எழுதப்பட்டது. மாஸ்கோவில் ஒரு செருப்புத் தைப்பவரிடம் வேலைக்கு விடப்பட்ட ஒன்பது வயதுப் பையன், கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில் கிராமத்திலிருக்கும் தாத்தாவுக்கு எழுதுகிறான். தன்னை வந்து அழைத்துப்போகும்படி கெஞ்சுகிறான். உறையில் ‘கிராமத்துத் தாத்தாவுக்கு’ என்ற அளவில் விலாசம் எழுதித் தபால்பெட்டியில் போடுகிறான். அந்தக் கடிதம் போய்ச் சேராது என்று நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. செகாவ் பையனின் கண்ணீரை நம்பிக் கதையைக் கட்டவில்லை. கடிதம் யார் கைக்குப் போகும் என்ற ஒற்றைக் கேள்வியின் மேல் கட்டினார். ஐத்மாத்தவிடம் பதில் எழுதாத ஆசிரியர், செகாவிடம் கடிதமே கிடைக்காத தாத்தா. இரண்டிலும் பாரம் இறங்குவது கடிதத்துக்கு வெளியே.

தமிழ்க் கிராமத்தில் இதற்கு இன்னொரு சிக்கல் உண்டு. அதைக் கதை எழுதுகிறவர்கள் பயன்படுத்திக்கொள்ளாதது எனக்கு ஆச்சரியம்தான். ஒரு தலைமுறைக்கு முன்பு வரை, எழுதப் படிக்கத் தெரியாத வீடுகளுக்கு வரும் கடிதத்தைப் படித்துக் காட்டியவர் பல ஊர்களில் வாத்தியார். அவர் இல்லையென்றால் தபால்காரர். நகரத்துக்குப் படிக்கப் போனவன் அப்பாவுக்கு ஓர் அஞ்சலட்டை போட்டால், அது வீட்டுக்கு வந்து, அங்கிருந்து வாத்தியார் வீட்டுத் திண்ணைக்கு வந்து, அவர் வாயால்தான் அப்பாவின் காதுக்குப் போகும். அப்பாவின் பதிலும் வாத்தியார் கையெழுத்தில்தான் கிளம்பும். ஆகவே மாணவனும் ஆசிரியரும் எழுதிக்கொள்ளும் கடிதங்கள் என்று நாம் நினைப்பது உண்மையில் இரண்டு சரடு. ஒன்று சாருக்கு நேராக எழுதும் நீல நிற இன்லேண்ட், மற்றது அப்பாவுக்கு எழுதி சார் படிக்கும் அட்டை. அப்பாவிடம் மறைப்பதை வாத்தியாரிடம் சொன்னால், அட்டையைப் படித்துக் காட்டும்போது வாத்தியார் தெரிந்தே ஒரு பொய்யை உரக்கப் படிக்க வேண்டும். எந்தப் பையன் தன் வாத்தியாரை அந்த நிலைக்குத் தள்ளுவான்? ஆகவே இருவரிடமும் மறைக்கிறான். அவனுடைய மௌனத்துக்குக் காரணம் வெறும் கூச்சம் இல்லை, கடிதம் போகிற வழியே அப்படி.

இதை வைத்து ஒரு கதையைக் கட்டிப் பார்க்கலாம். காலம் 1980களின் நடுப்பகுதி. இடம் தெற்கே ஒரு வானம் பார்த்த பூமி, ஈராசிரியர் பள்ளி. வாத்தியாருக்கு ஐம்பத்தைந்து வயதுக்கு மேல். மாணவன் சென்னையில் பொறியியல் முதலாண்டு, தமிழ்வழியில் படித்துவிட்டுப் போனவன். இருவருக்கும் பெயர் தேவையில்லை. முதல் கடிதத்தில் பையன் ஹாஸ்டல், மெஸ், ஆங்கிலத்தில் நடக்கும் வகுப்பு என்று எழுதுகிறான். இடையே ஏதோ ஒரு கேள்வி கேட்கிறான், ஏனென்றால் அவன் எப்போதும் கேள்வி கேட்பவன். இன்லேண்டில் இடம் கொஞ்சம், உள்ளே தனித்தாள் வைக்கவும் கூடாது. கடைசி இரண்டு வரியை மடிப்பின் ஓரத்தில் தாளைத் திருப்பி எழுதுகிறான். வாத்தியாரின் பதில் பாசத்தில் தொடங்காது. ‘பேராசிரியர் படிக்க சொன்னார் என்று எழுதியிருக்கிறாய். படிக்கச் சொன்னார். ச் எங்கே போயிற்று? சென்னைக்குப் போனதும் ஒற்றைத் தொலைத்துவிட்டாயா?’ என்று தொடங்கும். கேள்விக்குப் பதில் அதற்கு அப்புறம்தான். அப்பாவுக்கு உடம்பு தேவலை, மழை இல்லை, இப்படிக்கு. அவர் அன்பு அந்த ஒற்றுக்குள் இருக்கிறது என்று பையனுக்குத் தெரியும். அதைக் கதை வாய்விட்டுச் சொல்லக் கூடாது.

முதல் செமஸ்டரில் பையன் இரண்டு தாள்களில் தவறுகிறான். மூன்றாவது கடிதத்தை அதற்குப் பிறகு எழுதுகிறான். பொய் சொல்கிறான் என்று எழுத்தாளர் காட்டிக்கொடுக்கக் கூடாது, கடிதமே காட்டிக்கொடுக்க வேண்டும். பொய் சொல்பவன் சுருக்கமாக எழுதுவான் என்று நினைப்போம். பெரும்பாலும் நேர்மாறாகத்தான் நடக்கும். இவன் பட்டறை வகுப்பை, அரத்தை, கடைசல் இயந்திரத்தை அவ்வளவு விவரமாக எழுதுகிறான். முதலில் வேறு தாளில் எழுதிப் பார்த்து நகலெடுத்திருப்பதால் ஓர் ஒற்றுப்பிழைகூட இல்லை. கேள்வியும் இல்லை. அதே தபாலில் அப்பாவுக்கு ஓர் அட்டை: ‘நன்றாகப் படிக்கிறேன். பணம் அனுப்ப வேண்டாம்.’

இதே நேரத்தில் ஊரில் வாத்தியாருக்குக் கண்ணில் புரை விழுந்துகொண்டிருக்கிறது. அந்தக் காலத்தில் புரை முற்றட்டும், பிறகு அறுக்கலாம் என்று சொல்லி மாதக்கணக்கில் காத்திருக்க வைப்பது வழக்கம். அறுத்த பிறகும் சோடாபுட்டிக் கண்ணாடிதான். கரும்பலகையில் பெரிதாக எழுதுவதால் பள்ளியில் சமாளித்துவிடுகிறார். ஓய்வுபெற இரண்டு மூன்று வருஷம் இருக்கும்போது கண் தெரியவில்லை என்று அவர் யாரிடம் சொல்வார்? ஆனால் கடிதத்தின் பொடி எழுத்தைப் படிக்க முடியவில்லை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்று உட்கார்ந்து படிக்கிறது, அவர் சொல்லச் சொல்ல எழுதவும் செய்கிறது. மாணவனுக்கு வரும் நான்காவது கடிதம் வாத்தியாரின் குரலிலேயே இருக்கிறது, கண்டிப்பும் அதே கண்டிப்பு. ஆனால் அதில் ‘உடம்பை பார்த்துக்கொள்’ என்று இருக்கிறது. இரண்டாம் வேற்றுமைக்குப் பின் ப் இல்லை. முப்பது வருஷம் அந்த விதியைப் பிரம்பால் நடத்தியவர் அதை விட்டுவிட மாட்டார். பையன் அந்த வரியைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறான். எழுதியது வேறு கை என்று அவனுக்குப் புரிகிறது. அடுத்த கணம், தன் கடிதத்தைப் படித்ததும் வேறு வாய் என்று புரிகிறது. அப்பாவின் அட்டையையும் அதே பிள்ளைதான் படித்திருக்கும்.

வாத்தியாரின் பக்கத்திலும் ஒன்று நடக்கிறது. பிழையே இல்லாத கடிதம் என்பதை அவரால் இப்போது பார்க்க முடியாது. காதால்தான் கேட்கிறார். கேட்டதில் அவருக்கு உறைப்பது, இவன் எதையும் கேட்கவில்லையே என்பது. ஒன்று சரியில்லை என்று அவருக்குத் தெரிந்துவிடுகிறது. பிள்ளை முன்னால் அதைப் பேச முடியாது. பேசினால் நாளைக் காலை ஊருக்கே தெரியும். ஆகவே அவர் சொல்லி எழுத வைப்பது இவ்வளவுதான்: ‘உன் அப்பா ஆட்டை விற்கலாமா என்று கேட்டார். வேண்டாம், இன்னும் ஒரு வருஷம் வைத்துக்கொள்ளலாம் என்றேன்.’ படிக்கும் பிள்ளைக்கு அது ஆட்டுச் செய்தி. பையனுக்கு அது வேறு: உனக்கு இன்னொரு தடவை தேர்வுக் கட்டணம் தேவைப்படும், எனக்குத் தெரியும்.

அந்தப் பிள்ளை ஓரத்தில் ‘அண்ணா, சாருக்குக் கண் தெரியவில்லை’ என்று ரகசியமாக எழுதிவிட்டால் என்ன என்று ஓர் ஆசை வரும். வரட்டும், அடக்கிக்கொள்ள வேண்டும். அது கதையைச் சுலபமாக்கிக் கெடுத்துவிடும். கடைசிக் கடிதம் மாணவனுடையது. அதை அவன் முழு இன்லேண்டிலும் எட்டு வரி மட்டும் வருமளவுக்குப் பெரிய எழுத்தில் எழுதுகிறான். முதல் வரி: ‘சார், இதை நீங்களே படியுங்கள்.’ பிறகு இரண்டு தாள் போனது, அதற்குப் பிறகு வகுப்புக்குப் போகாமல் இருந்தது, மறுபடி எழுதப்போவது. இறுதியில் ஒரு கேள்வி. கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எழுத்தின் அளவே, உங்கள் விஷயம் எனக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டது. இடையில் யாரும் படிக்க வேண்டாத கடிதம் என்பதால்தான் உண்மையைச் சொல்லவும் முடிந்தது. இன்லேண்டின் இடக்குறைவு, கண்ணின் புரை, படித்துக் காட்டும் பழக்கம் மூன்றும் இங்கே ஒரே புள்ளியில் சேர்கின்றன. இதைத் தன்மை ஒருமையிலோ படர்க்கையிலோ எழுதினால் இந்தச் சேர்க்கை கிடைக்காது. கடிதமாக எழுதுவதற்கு அதைவிட வேறு நியாயம் தேவையில்லை.

இதற்கு வரக்கூடிய முதல் ஆட்சேபம்: நல்ல ஆசிரியரும் மாணவனும் மனம்திறந்துதான் எழுதுவார்கள், மறைப்பது என்பது எழுத்தாளரின் சூழ்ச்சி. இதற்குச் சான்றாக ஆல்பர் காம்யூவைக் காட்டலாம். 1957இல் நோபல் பரிசு கிடைத்ததும், அல்ஜியர்ஸின் ஏழைப் பகுதியில் தனக்குத் தொடக்கப்பள்ளியில் பாடம் சொன்ன லூயி ஜெர்மேனுக்கு அவர் ஒரு சிறு கடிதம் எழுதினார். செய்தி வந்ததும் அம்மாவுக்கு அடுத்தபடி நினைத்தது உங்களைத்தான் என்பது அதன் சாரம். மறைவு எதுவும் இல்லை, உண்மைதான். ஆனால் 1959இல் ஜெர்மேன் எழுதிய கடிதத்தை எடுத்துப் பாருங்கள். உங்கள் வீட்டின் வறுமையை நான் அப்போது உணரவே இல்லை, உதவித்தொகைத் தேர்வு விஷயமாக உன் அம்மா என்னைப் பார்க்க வந்தபோதுதான் லேசாகப் புரிந்தது, அதுவரை மற்றப் பிள்ளைகளைப் போலவே நன்றாக உடுத்தி வந்தாய் என்று அவர் சொல்கிறார். அதை அந்தத் தாய்க்கான பாராட்டாகவும் சொல்கிறார். இரண்டு கடிதங்களையும் படித்த பிறகு மனதில் நிற்பது நன்றி வார்த்தைகள் அல்ல, அந்தப் பையன் வகுப்பறையில் காட்டாமல் வைத்திருந்த வறுமை. மிகத் திறந்த கடிதப் பரிமாற்றத்திலும் நம்மைப் பிடித்துக்கொள்வது, ஒருவருக்கு ஒருவர் ஒருகாலத்தில் சொல்லாமல் விட்டதுதான். காம்யூ எழுதியது நிஜக் கடிதம், அதற்குக் கதையாகும் கடமை இல்லை. கதை எழுதுகிறவருக்கு அந்தக் கடமை உண்டு.

இரண்டாவது ஆட்சேபம் இன்னும் கனமானது. மறைத்து வைத்துக் கடைசியில் உடைப்பது வார இதழ்களின் பழைய வித்தை அல்லவா? எதிர்பாராத முடிவுக்காக வாசகரை ஏமாற்றுவது அல்லவா? வாசகரிடம் மறைத்தால் அப்படித்தான் ஆகும். நான் சொல்வது பாத்திரங்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் மறைப்பதை. இந்தக் கதையில் வாசகருக்குப் பையன் தவறியது மூன்றாவது கடிதத்திலேயே தெரிய வேண்டும். அப்பாவுக்குப் போன அட்டையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். வாத்தியாரின் கண்ணும் மாணவனுக்குப் புரிவதற்குச் சற்று முன்பே வாசகருக்குத் தட்டுப்பட வேண்டும். கூர்ந்து படிப்பவர் ‘உடம்பை பார்த்துக்கொள்’ என்ற இடத்தில் அச்சுப்பிழை என்று எரிச்சல்பட்டு, அடுத்த வரிக்குள் நிமிர்ந்து உட்கார்ந்தால் கதை சரியாக வேலை செய்கிறது. எச்சரிக்கை ஒன்று உண்டு. கதை முழுக்க மற்ற இடங்களில் ஓர் ஒற்றுப்பிழையும் இருக்கக் கூடாது. பத்திரிகை அச்சில் ஒன்று நுழைந்தாலும் இந்தக் கதை செத்தது. இந்த அமைப்பின் பலவீனம் அது, ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

கைபேசிக் காலத்தில் இதெல்லாம் எதற்கு என்பது மூன்றாவது. இதற்குச் சுருக்கமான பதில் போதும். இன்று பையன் அப்பாவிடம் நேரடியாகப் பேசிவிடுகிறான், நடுவில் வாத்தியார் தேவையில்லை. வாட்ஸ்அப்பில் செய்தி பார்க்கப்பட்டதா என்பது நீலக் குறியில் தெரிந்துவிடுகிறது. ஆகவே இன்றைய மாணவனைக் கையில் பேனாவோடு உட்கார வைத்துக் கடிதம் எழுத வைக்கும் கதைகள் பொய்யாக ஒலிக்கின்றன. அவன் ஏன் போன் பண்ணவில்லை என்று வாசகர் கேட்பார், கேட்க வேண்டும். கடிதம் வேண்டுமென்றால் கடிதம் வாழ்ந்த காலத்துக்குப் போங்கள். இன்றைய கதை வேண்டுமென்றால் குரல்பதிவையும், தட்டச்சுச் செய்யத் தெரியாமல் பேசியே அனுப்பும் ஓய்வுபெற்ற வாத்தியாரையும் எடுத்துக்கொள்ளுங்கள். அது வேறு கதை, அதற்கு வேறு விதி.

எழுத நினைப்பவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். வாத்தியாருக்குப் போகும் கடிதத்தில் தொடங்காதீர்கள். அப்பாவுக்குப் போகும் அஞ்சலட்டையை முதலில் எழுதுங்கள். திண்ணையில் உட்கார்ந்து அதை உரக்கப் படிக்கும்போது வாத்தியார் எந்த வரியில் ஒரு கணம் நிறுத்துவார் என்று உங்களுக்குத் தெரிந்த பிறகு மற்றக் கடிதங்களுக்குப் போகலாம்.